முத்தியால்பேட்டை தெருக் குழு: அலமாரிக்குப் பின்னாடி கறுப்புப் புள்ளி

கவிதா (காலை 8:10): அலமாரியைத் திறந்தா குப்புன்னு வாடை. பட்டுப்புடவை மடிப்புல வெள்ளையா பூத்திருக்கு. நகர்த்திப் பார்த்தா வடக்குச் சுவத்துல முழங்கால்லேர்ந்து தோள் உயரம் வரைக்கும் கறுப்புப் புள்ளி. வீட்டுக்காரர் "நீங்க வீட்டைச் சாத்தியே வைக்கறீங்க"ங்கறார். உண்மையில தப்பு எங்க மேலயா?

சரசு அத்தை: ஒரு கிண்ணத்துல கல்லுப்பு வை கண்ணு. கற்பூரமும் போடு. எங்க வூட்டுல வருஷா வருஷம் அதான்.

மாணிக்கம் அண்ணன் (பெயிண்டிங்): கற்பூரம் வாடையை மறைக்கும் அத்தை, ஈரத்தை எடுக்காது. உப்பு கொஞ்சம் இழுக்கும். ஆனா அது கசிய ஆரம்பிச்சாலே உள்ள ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம். அதுல பூஞ்சை நல்லா வளரும். கிண்ணம் சரிஞ்சா புடவையும் போச்சு.

மாணிக்கம் அண்ணன்: கவிதா, முதல்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாரும்மா. அந்தச் சுவத்துல ஒரு இடத்தைத் தொடச்சுக் காயவிட்டு, ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் கவரை வச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டு. ஒரு நாள் முழுக்க விடு. சுவரைத் தொடுற பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவருக்குள்ள ஈரம், அது வீட்டுக்காரர் வேலை. ரூம் பக்கம் நனைஞ்சிருந்தா வீட்டுக் காத்துல உள்ள ஈரம்.

பஷீர் பாய்: எங்க அடுக்களைச் சுவத்துல கீழ ஒரு அடிக்கு பெயிண்ட் உதிர்ந்து வெள்ளைப் பவுடரா வருது. அதுவும் பூஞ்சையா?

மாணிக்கம் அண்ணன்: தண்ணியில கரைஞ்சா உப்பு பாய். தரையிலேர்ந்து ஓதம் ஏறுது. நீங்க என்ன தொடச்சாலும் நிக்காது, போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்க.

கவிதா (மறுநாள் காலை 6:40): அண்ணா, சுவர்ப் பக்கம் காஞ்சு கிடக்கு. ரூம் பக்கம் மங்கலா ஈரம்.

மாணிக்கம் அண்ணன்: துணி எங்க காயப்போடுறீங்க?

கவிதா: மழையால அந்த ரூம்லதான், ரெண்டு கொடி. ராத்திரி ஏசி.

மாணிக்கம் அண்ணன்: அதான்மா. துணியில இருக்குற தண்ணி காத்துல ஏறி, குளிர்ந்த சுவத்துல படியுது. அலமாரி ஒட்டியே நின்னதால பின்னாடி காத்தே போகல. நாலு விரல் தள்ளி வை. கொடியைத் தாழ்வாரத்துக்கு மாத்து. மழை விட்டு வெயில் வந்தா அலமாரிக் கதவையும் ஜன்னலையும் திறந்து ஃபேன் போடு. மழை கொட்டுறப்ப ஜன்னல் திறந்தா ஈரம்தான் உள்ள வரும்.

சரசு அத்தை: புள்ளியை விளக்குமாத்தால தட்டிடட்டுமா?

மாணிக்கம் அண்ணன்: வேண்டாம் அத்தை, பொடி வீடெல்லாம் பறக்கும். மூக்கைக் கட்டிக்கிட்டு, சோப்புத் தண்ணியில பிழிஞ்ச துணியால தொடச்சுக் காயவிடணும். பிளீச்சிங் போட்டா பாத்ரூம் ஆசிட்டோட கலந்துடவே கூடாது, மூச்சு அடைக்குற வாயு வரும். மேல பெயிண்ட் அடிச்சு மூடினா திரும்ப வந்துடும்.

கவிதா: ஜன்னலுக்கு மேல மட்டும் மஞ்சளா ஒரு கறை இருக்கு. மழை பெஞ்சா பெருசாகுது.

மாணிக்கம் அண்ணன்: அது வேற கதை, சன்ஷேடு விரிசலா இருக்கலாம். அடுத்த மழைக்கு அங்கயும் கவர் ஒட்டிப் பாரு. வீட்டுக்காரர் கிட்ட ரெண்டையும் ஒண்ணா சேர்த்துப் பேசாத.