பழைய டிராக்டருக்கு ஓவர்ஹாலா, புதியது வாங்குவதா? கணக்குப் போட உதவி வேண்டும்

கவிதா (ஊத்தான் மெலிந்தாங்)

வணக்கம். அப்பா இங்கே செம்பனைக் குலை ஏற்றும் கண்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். நிரையோரத்தில் கிடக்கும் குலைகளை எடுத்து லோரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது வேலை. இருப்பது ஒரே டிராக்டர், 19 வருடப் பழசு. புகை நீலமாக வருகிறது, என்ஜின் எண்ணெயும் குடிக்கிறது. பட்டறையில் ஓவர்ஹாலுக்கு 15,000 ரிங்கிட் சொல்கிறார்கள். அதே சக்தியில் புதிய டிராக்டர் 85,000.

அப்பாவுக்கு ஓவர்ஹால் போதும். எனக்குப் புதியது வாங்கலாம் என்று படுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டதற்கு, ஏன் வாங்க வேண்டும் என்று கணக்கோடு எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதியது இது: போன வருடம் வண்டி 20 நாள் நின்றது. ஒரு நாளைக்கு 20 டன், டன்னுக்கு 25 ரிங்கிட், ஆக 500. வருடத்துக்கு 10,000 நட்டம், பத்து வருடத்தில் ஒரு லட்சம். எனவே 85,000 கொடுத்து வாங்குவது லாபம். இந்தக் கணக்கு செல்லுமா?

பட்டறை மாரி

தங்கச்சி, எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பழுது பார்க்கும் செலவு புதிய வண்டி விலையில் பாதியைத் தாண்டினால்தான் வாங்க வேண்டும். 15,000 என்பது 85,000-ல் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. லைனர், பிஸ்டன் ரிங், பேரிங் எல்லாம் மாற்றினால் என்ஜின் இன்னும் நாலு வருடம் தாராளமாக ஓடும். அப்பா சொல்வதுதான் சரி.

செல்வம் லோரி

நானும் போன வருடம் பத்து டன் லோரி மாற்றினேன். எந்த கம்பெனி டிராக்டர் பார்க்கிறீர்கள்? எதுவானாலும் தவணையைக் கவனியுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் குலை குறையும், ஆனால் தவணை குறையாது. அந்த இரண்டு மாதமும் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

ஓய்வு கிராணி (தெலுக் இந்தான்)

செல்வம், தங்கச்சி கம்பெனி எது என்று கேட்கவில்லை. ஆனால் தவணையைப் பற்றி நீங்கள் சொன்னதைத் தனியாக ஒரு வரி எழுதிச் சேர்க்க வேண்டும். வண்டி பத்து வருடம் உழைக்கும், கடனை ஐந்து வருடத்தில் கட்ட வேண்டியிருக்கும்.

மாரி, பாதி விலைக் கணக்கில் வண்டி நிற்கும் நாளுக்கு இடமே இல்லை. ஒரே டிராக்டரை வைத்துப் பிழைக்கிறவருக்கு அதுதான் பெரிய செலவு.

கவிதா, உங்கள் கணக்கைச் சங்கத்தில் இருப்பவர்கள் இரண்டு இடத்தில் பிடிப்பார்கள். முதலாவது, நின்ற நாளில் போவது 500 முழுவதும் இல்லை. அன்றைக்கு டீசல் செலவாகாது. அது 80 ரிங்கிட் என்று வைத்தால் நட்டம் 420. டிரைவர் சம்பளத்தைக் கழிக்காதீர்கள், வண்டி நின்றாலும் அதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? இரண்டாவது, புதிய வண்டி நிற்கவே நிற்காது என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள். சர்வீஸுக்கும் டயருக்குமாக வருடத்துக்கு 3 நாளாவது அதுவும் நிற்கும்.

அப்புறம், நாலு வருடம் ஓடப்போவதையும் பத்து வருடம் ஓடப்போவதையும் மொத்தத் தொகையாக வைத்து ஒப்பிட முடியாது. இரண்டையும் ஒரு வருடச் செலவாக மாற்ற வேண்டும். இன்றைக்கு விற்றால் பழைய டிராக்டர் என்ன விலைக்குப் போகும்? இரண்டுக்கும் பராமரிப்பு எவ்வளவு? கடன் வட்டி எவ்வளவு?

கவிதா

இன்று விற்றால் 9,000 தருவதாக ஒருவர் சொன்னார். நாலு வருடம் கழித்து இரும்பு விலைக்குப் போட்டால் 4,000 வரலாம். பராமரிப்பு பழையதற்கு 5,000, புதியதற்கு 3,000 என்று வைத்திருக்கிறேன். புதியது பத்து வருடம் கழித்து 20,000-க்குப் போகும் என்று டீலர் சொல்கிறார். வட்டி 6 சதவீதம்.

ஓய்வு கிராணி (தெலுக் இந்தான்)

அப்படியானால் கணினியில் எக்ஸெலைத் திறந்து இந்த இரண்டு வரியைப் போட்டுப் பாருங்கள். விலையும் வட்டியும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று காட்டும். முதலாவது புதியது, அடுத்தது பழையது.

```
=PMT(6%,10,-85000,20000)
=PMT(6%,4,-24000,4000)
```

பழையதற்கு 15,000 போடாமல் 24,000 போட்டிருக்கிறேன். விற்றால் கைக்கு வரும் 9,000-ஐ விட்டுக்கொடுத்துத்தானே வண்டியை வைத்திருக்கிறீர்கள்? முதல் வரிக்குச் சுமார் 10,030 வரும், இரண்டாவதற்கு 6,010. பராமரிப்பைக் கூட்டினால் புதியது வருடத்துக்கு 13,030, பழையது 11,010. ஆக, நிற்கும் நாளைச் சேர்க்காதவரை அப்பாவின் வழிதான் 2,020 ரிங்கிட் மலிவு.

அந்த 2,020-ஐ 420-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5. ஓவர்ஹால் செய்த பிறகும் பழையது புதியதைவிட வருடத்துக்கு 5 நாளுக்கு மேல் கூடுதலாக நின்றால் புதியது வாங்குவது சரி, அதற்குக் குறைந்தால் ஓவர்ஹால் சரி. ஒரு லட்சம் நட்டம் என்று எழுதுவதைவிட இந்த 5 நாளை எழுதுங்கள். சங்கத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

இப்போது கேள்வி, அந்த 20 நாளும் எதனால் நின்றது? டிரைவர் குறித்து வைத்திருக்கிறாரா?

கவிதா

டிரைவர் அண்ணன் 555 புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். பார்த்துவிட்டேன். என்ஜினால் நின்றது 6 நாள்தான். கிளட்ச் தட்டு, ஹைட்ராலிக் ஹோஸ், வாட்டர் பம்ப் என்று சாமான் வருவதற்காகச் சும்மா காத்திருந்தது 8 நாள். மீதி 6 நாள் பட்டறையில் அந்த வேலைகள் நடந்தவை.

ஓய்வு கிராணி (தெலுக் இந்தான்)

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஓவர்ஹால் அந்த 6 என்ஜின் நாளை மட்டும்தான் குறைக்கும். மீதி 14. புதியதற்கு 3 நாள் போனால் வித்தியாசம் 11, எனவே புதியது வாங்கலாம் என்று வரும். ஆனால் அந்த மூன்று சாமானையும் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்தால் காத்திருந்த 8 நாள் 2 ஆகக் குறையலாம். அப்போது பழையது நிற்பது 8 நாள், வித்தியாசம் சரியாக 5. இரண்டும் சமம்! இதையும் மறைக்காமல் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் சங்கத்தில் ஒருவர் கேட்பார்.

பட்டறை மாரி

ஐயா சொல்வது சரிதான், ஆனால் என்ஜினோடு கதை முடிந்துவிடாது. உங்கள் பக்கம் களிமண் தரை, மழையில் வண்டி அச்சு வரை சேற்றில் இறங்கும். கியர்பாக்ஸைப் பாருங்கள். எண்ணெயை ஒரு வெள்ளை பேசினில் இறக்குங்கள். பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடையுங்கள். மாவுபோல் கறுப்பாக ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம், பயமில்லை. விரலில் நெருடும் சில்லு வந்தால் கியர்ப் பல் போகிறது. அப்படி வந்தால் நானே ஓவர்ஹால் வேண்டாம் என்று சொல்வேன்.

செல்வம் லோரி

நின்ற நாளுக்கு வாடகை டிராக்டர் எடுக்க முடியாதா? எங்கள் பக்கம் 300-க்குக் கிடைக்கிறது.

ஓய்வு கிராணி (தெலுக் இந்தான்)

நல்ல கேள்வி. வாடகை கிடைத்தால் ஒரு நாள் நட்டம் 420-லிருந்து 300 ஆகும், 5 நாள் 7 நாளாக மாறும். அப்படியானால் பழையதற்குச் சாதகம். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் குலை கொட்டும்போது யார் டிராக்டரைச் சும்மா வைத்திருக்கப் போகிறார்கள்? அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அப்போது நின்றால் நட்டம் 420-ஐத் தாண்டும். கவிதா, 555 புத்தகத்தில் அந்த இரண்டு மாதத்தில் எத்தனை நாள் என்று தனியாக எண்ணுங்கள்.

கவிதா

9 நாள். அப்பாவிடம் காட்டினேன், எதுவும் சொல்லவில்லை. கியர் எண்ணெயை ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறோம். ஒன்று கேட்க வேண்டும்: அந்த 9 நாளுக்கு 420-க்குப் பதிலாக எவ்வளவு போடுவது? சீசனில் ஒரு நாளைக்கு 30 டன் வரை ஏற்றுகிறோம், தாமதமானால் தோட்டத்தில் பிடித்தமும் செய்கிறார்கள். அந்தப் பிடித்தம் எந்த பில்லிலும் தனியாகத் தெரிவதில்லை.