சுண்ணாம்புக்கல் அறை வெப்பத்திலேயே சிதையும் என்று விடை வருகிறது, எங்கே தப்பு?

ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்
வணக்கம். CaCO₃ → CaO + CO₂ வினைக்குக் கேள்வித்தாளில் ΔH = +178.3 kJ/mol, ΔS = +160.5 J/K/mol என்று இருக்கிறது. 298 K-இல் ΔG கேட்டார்கள். நான் போட்டது:

```
ΔG = 178.3 − 298 × 160.5 = −47651
```

மைனஸ் வந்தால் வினை தானாக நடக்க வேண்டுமே? எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலைகள் அப்படியே நிற்கின்றன. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

கல்லூரி மாணவன்
மைனஸ் வந்ததுதான் தவறு தங்கச்சி. வெப்பத்தை இழுக்கும் வினை தானாக நடக்கவே நடக்காது.

தோட்டத்து மண்டோர்
தம்பி, நாற்றுக்கு வாளித் தண்ணீரில் யூரியா கலக்கும்போது வாளியே சில்லென்று ஆகிவிடும். நாங்கள் சூடு எதுவும் காட்டுவதில்லை. அது தானாகத்தானே கரைகிறது?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்
மண்டோர் சொல்வது சரி. யூரியா கரையும்போது வெப்பத்தை இழுக்கிறது, ஆனால் கட்டியாக அடுக்கியிருந்த மூலக்கூறுகள் தண்ணீரில் சிதறும்போது எண்ட்ரோபி கூடுகிறது. அந்த TΔS, ΔH-ஐ மிஞ்சிவிடுகிறது. ஆகவே ΔH-இன் குறியை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

மகளே, உன் தவறு அலகில் இருக்கிறது. ΔH கிலோ ஜூலில், ΔS வெறும் ஜூலில். 160.5-ஐ முதலில் 0.1605 ஆக்கு:

```
ΔG = 178.3 − 298 × 0.1605 = +130.5 kJ/mol
```

மலை ஏன் நிற்கிறது என்று இப்போது தெரிகிறதா? இனி ஒரு பழக்கம் வைத்துக்கொள். இதுபோன்ற வினைகளில் ΔG ஆயிரக்கணக்கான கிலோ ஜூலாக வந்தால் முதலில் அலகைச் சந்தேகப்படு.

மாணவி
நன்றி சார்! அப்புறம் ΔG சுழியாகும் வெப்பநிலையும் போட்டேன். 178.3 / 0.1605 = 1111 K, அதாவது சுமார் 838 °C. அதற்கு மேல் போனால் சிதையும், சரியா?

ஆசிரியர்
தேர்வுக்கு அது போதும். உண்மையில் CO₂ அழுத்தம் 1 atm இருக்கும்போது 890 °C-ஐத் தாண்ட வேண்டும். நீ போட்ட எண்கள் 25 °C-இல் அளந்தவை. ΔH, ΔS இரண்டும் வெப்பநிலையோடு கொஞ்சம் மாறும், அதை நாம் மாறாதவை என்று எடுத்துக்கொண்டோம். இன்னொன்று, ΔG மைனஸ் என்றால் வினை அந்தப் பக்கம் போகும் என்று மட்டுமே அர்த்தம். எவ்வளவு வேகம் என்பதை அது சொல்லாது.

மண்டோர்
என் தாத்தா வெற்றிலைச் சுண்ணாம்புக்குக் கடல் சிப்பியைக் கரியோடு அடுக்கி, குழியில் ராத்திரி முழுக்கச் சுடுவார். அந்தக் குழி 890 டிகிரிக்குப் போயிருக்குமா சார்?

ஆசிரியர்
அவ்வளவு வேண்டியிருக்காது. சிப்பியும் பெரும்பாலும் CaCO₃-தான். காற்றோட்டம் CO₂-ஐ அள்ளிக்கொண்டு போனால் அதன் அழுத்தம் 1 atm-க்குக் கீழே இறங்கும். அப்போது இதில் கடைசி உறுப்பு மைனஸ் ஆகும்:

```
ΔG = ΔG° + RT ln p
```

அதனால் குறைந்த வெப்பத்திலேயே சிதையும். ஆனால் அதே குழியில் கரியும் எரிந்து CO₂-ஐ விடுகிறதே, அதனால் எவ்வளவு குறையும் என்பதைக் குழியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. தாத்தா வாய்க்கால் வெட்டிக் காற்று விட்டாரா, மேலே மண் போட்டு மூடினாரா?

மண்டோர்
அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் சார்.