எதைப் பிறப்பிக்கும் சார்பு?

பாலக்கோட்டிலிருந்து:
ஐயா, மகளின் பழைய வினாத்தாளை ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறேன். தாள் மடிந்த இடத்தில் ஆங்கில வரி அழிந்துவிட்டது. தமிழில் இவ்வளவுதான்: "X-இன் பிறப்பிக்கும் சார்பு `(0.4 + 0.6s)^5` எனில் சராசரி, மாறுபாடு காண்க." s = 1 போட்டு வகையிட்டதில் சராசரி 3 வந்ததாம். இரண்டாம் வகைக்கெழு 7.2, அதில் 9 போனால் −1.8. மார்க் போச்சு. வினாவே தப்பா?

ஊத்தங்கரையிலிருந்து:
வினா சரிதான். இரண்டாம் வகைக்கெழுவில் சராசரியின் வர்க்கத்தைக் கழிப்பதும் சரியான வழிதான். எங்கோ கூட்டலில் பிழை இருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
கூட்டலில் பிழை இல்லை ஐயா. மாறுபாடு ஒருபோதும் எதிர்க்குறியில் வராது, அதனால் வழியில்தான் கோளாறு. இந்தச் சார்பில் s = 1 போட்டால் 1 வருகிறது, s = 0 போட்டால் 0.01024. அப்படியானால் s^k-இன் கெழு, X = k ஆவதற்கான நிகழ்தகவு. s^k-ஐ இரண்டு முறை வகையிட்டால் முன்னால் வந்து நிற்பது k(k−1), k² அல்ல. ஆகவே 7.2-இல் 3-ஐக் கூட்டினால்தான் X²-இன் சராசரி 10.2 கிடைக்கும். அதில் 9 போக 1.2.

ஊத்தங்கரை ஐயா சொல்லும் வழி, s இருக்கும் இடத்தில் e^t இருந்து t = 0 போட்டால் பொருந்தும். அங்கே k² தானாகவே விழும், 10.2 நேராக வரும். குற்றம் அந்தப் பெண்ணுடையது அல்ல. "பிறப்பிக்கும் சார்பு" என்றவர் எதைப் பிறப்பிக்கும் என்று எழுதாமல் விட்டாரே!

பென்னாகரத்திலிருந்து:
பிறப்பிக்கும் என்பதே எனக்கு ஒட்டவில்லை. சந்தையில் பூவைத் தொடுத்த மாதிரி நிகழ்தகவுகளை s, s², s³ என்று ஒரே நாரில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதானே. "சரச்சார்பு" என்றால் என்ன?

ஓசூரிலிருந்து:
நிரல் எழுதும் எங்களுக்குச் சரம் என்றால் எழுத்துச் சரம். அதோடு, தற்போக்கு எண்களை உண்டாக்கும் ஃபங்ஷனைத்தான் பேசுகிறீர்கள் என்று இத்தனை நேரம் நினைத்திருந்தேன்!

கிருஷ்ணகிரியிலிருந்து:
சரம் அழகுதான் அம்மா. ஆனால் e^t வகைக்குப் பொருந்தாது, அங்கே தொடர்ச்சியான மாறிக்கும் இடமுண்டு, கட்டுவதற்குத் தனித்தனிப் பூ இருக்காது. பிறப்பிக்கும் சார்பையே வைத்துக்கொண்டு முன்சொல்லைக் கட்டாயமாக்கலாம்: s வகைக்கு "நிகழ்தகவு பிறப்பிக்கும் சார்பு", e^t வகைக்கு "விலக்கப் பெருக்குத்தொகை பிறப்பிக்கும் சார்பு".

பென்னாகரத்திலிருந்து:
இரண்டாவதில் "விலக்கம்" எங்கிருந்து வந்தது ஐயா? 10.2 பூச்சியத்திலிருந்து எடுத்தது, சராசரியிலிருந்து விலகியதை அல்லவே.

கிருஷ்ணகிரியிலிருந்து:
பூச்சியத்திலிருந்து விலகியது என்று சொல்லித் தப்பிக்கலாம், எனக்கே அது திருப்தியில்லை. "திருப்புத்திறன்" என்றால் இயற்பியல்காரர்கள் வருவார்கள். வேறு சொல் இருந்தால் போடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து:
1.2 என்று மகளிடம் சொல்லிவிட்டேன். "அந்த 3-ஐக் கூட்டணும்னு பெயரிலேயே தெரியற மாதிரி வையுங்கப்பா" என்கிறாள்.