புதுப்பிப்பு: மயில் கழுத்து கலரா, கரும்பச்சையா?

என் பழைய கேள்வி: "நான் தச்ச குஷன் கவர் பகல்ல நீலமா தெரியுது, ராத்திரி பச்சையா தெரியுது, வாங்குறவங்களுக்கு என்ன கலர்னு எழுதுறது?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேமராவோட ஒயிட் பேலன்ஸ்தான் தப்புன்னு ஒருத்தர் சொன்னாரு, மாத்திப் பாத்தேன், போட்டோ கொஞ்சம் சரியாச்சு ஆனா கண்ணுக்கும் அப்படித்தானே தெரியுது, அதனால பாதிதான் சரி. சுவர் பெயிண்ட் கேட்ட அக்கா, இது துணி அக்கா!

வேலை செஞ்சது பழைய சாயக்காரர் சொன்னதுதான். மதியம் ஜன்னல் பக்கம் நேர் வெயில் படாத இடத்துல வெள்ளை பேப்பர் மேல வச்சு ஒருதடவை, ராத்திரி 2700K மஞ்சள் பல்புல ஒருதடவை பாக்கச் சொன்னாரு. மஞ்சள் பல்புல நீல வெளிச்சம் கம்மி, அதான் துணியில இருக்குற நீலம் அமுங்கி பச்சை தூக்கலாயிடுது. இப்ப இப்படி எழுதுறேன்: "மயில் கழுத்து கலர், நீலம் தூக்கல், மஞ்சள் பல்புல கரும்பச்சை மாதிரி தெரியும்." வெறும் மயில் கழுத்துன்னு போட்டா ஒவ்வொருத்தர் மனசுல ஒவ்வொரு கலர் வருது.

எதிர்பாக்காதது என்னன்னா, பகல்ல துணியோட அச்சா பொருந்தின ஓரத்து நூல் பல்புல தனியா சாம்பலா நின்னுச்சு, ரெண்டுக்கும் சாயம் வேறயாம், அதனால நூலையும் ரெண்டு வெளிச்சத்துலயும் பாத்தே எடுங்க. டியூப் லைட்ல மட்டும் ஏன் லேசா வெளிறுதுன்னு இன்னும் புரியல.