முட்டைக் கலக்கி தட்டுக்கு வருவதற்குள் இறுகிவிடுகிறது, உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல்காரன்:
போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் ஈரோட்டுத் தம்பி ஒருவர் கலக்கி போட்டுக் கொடுத்தார். தட்டை என் பக்கம் நகர்த்தியபோது அது நடுவில் குலுங்கியது. கரண்டி முனையால் கிள்ளினேன். மிளகோடு சேர்ந்து உள்ளே இருந்தது வழிந்து பரோட்டா மேல் பரவியது. இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. உள்ளங்கை அகலத்தில் சின்ன இரும்புச் சட்டி வாங்கி இந்த வாரம் ஆறு தடவை போட்டுவிட்டேன். இரண்டு முட்டை, அரை டீஸ்பூன் மிளகு. அடுப்பில் பார்க்கும்போது சரியாக இருக்கிறது. சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோய் எடுத்தால் ஆம்லெட்டாகிவிடுகிறது. எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்?

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, சட்டியோடு மேசைக்குக் கொண்டுபோனதுதான் காரணம். நெருப்பை அணைத்தாலும் இரும்பு சூட்டை விடாது. மஞ்சள் கரு 65 டிகிரியைத் தாண்டினாலே கெட்டியாக ஆரம்பிக்கும், உங்கள் சட்டி அதைவிட எவ்வளவோ சூடு. நடு இன்னும் ஈரமாகப் பளபளக்கும்போதே தட்டில் கவிழ்த்துவிடுங்கள். அந்தப் பளபளப்பு போய்விட்டால் நேரம் கடந்துவிட்டது.

நானும் வீட்டுக்காரரும் ஒட்டுக்கடை வைத்திருந்தபோது செய்த முறை இது. சட்டியை நன்றாகக் காயவிட்டு, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, லேசாகப் புகை வந்ததும் தீயைக் குறைப்பேன். ஒரே முட்டை, ஒரு மேசைக்கரண்டி சால்னா, உப்பு. நுரைக்க அடிக்காமல் நாலு சுற்று கலக்கினால் போதும். ஊற்றியதும் ஓரம் உப்பும். கரண்டி முனையால் நடுவை மூன்று நான்கு தடவை கிளறி, ஓரங்களை உள்ளே மடித்துத் தட்டில் கொட்டிவிடுவேன். ஊற்றியதிலிருந்து இருபது, இருபத்தைந்து விநாடிதான். உள்ளங்கைச் சட்டியில் இரண்டு முட்டை ஆழமாக நிற்கும், நடு வேகுமுன் அடி சிவந்துவிடும். மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துப் பாதியை முட்டையில் போடுங்கள், மீதியை மடிக்கும் முன் தூவுங்கள். நைசாக அரைத்தால் சூடான இரும்பில் பட்டுக் கருகிக் கசக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கூலிமிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "பச்சையா இருக்கும்மா" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். நான் மறுபடி சட்டியில் போட்டேன். ரப்பராகிவிட்டது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக் காசு கொடுத்துப் போனார், அப்புறம் வரவே இல்லை. புதிதாக ஒன்று போட்டிருக்க வேண்டும்.

கிள்ளான் ராஜா:
இவ்வளவு சூடு தேவையே இல்லை. நான் முதலிலிருந்தே சின்னத் தீயில், கொஞ்சம் பால் சேர்த்துத்தான் போடுகிறேன். பஞ்சு மாதிரி வருகிறது. பெரிய தீயில் முட்டை முரடாகிவிடும்.

ஆயர் ஈத்தாம் வாசி:
ராஜா அண்ணே, உங்களுடையது ஒட்டாத சட்டியாக இருக்கும். இரும்பில் அப்படிச் செய்தால் முட்டை அடியில் ஒட்டி, மடிக்கப் போனால் கிழியும். நான் ஒரு மாதம் அப்படித்தான் சுரண்டிக்கொண்டிருந்தேன். பால் சேர்த்தபோது இன்னும் மோசம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டையை உடனே ஊற்றுவதும் தப்பு, சட்டி குளிர்ந்துவிடும். காலையில் பசியாறுவதற்கு அரைமணி முன்பே வெளியில் எடுத்து வைப்பேன்.

புதுச் சட்டி வேறு, அதை எண்ணெயில் பழக்கினாரா என்று யாருமே கேட்கவில்லையே. கழுவித் துடைத்து அடுப்பில் ஈரம் போகக் காய வையுங்கள். எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவிப் புகையும்வரை சூடாக்கி ஆற விடுங்கள். இப்படி நாலைந்து தடவை. எண்ணெய் அதிகமானால் பிசுபிசுவென்று படியும், அதில் முட்டை இன்னும் ஒட்டும். சமைத்த பிறகு புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பழக்கிய கறுப்பு போய்விடும். நம் ஊர் ஈரத்துக்கு ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

செராஸ் மல்லிகா:
எங்கள் கொண்டோவில் இண்டக்‌ஷன் அடுப்பு. இந்தச் சின்னச் சட்டியை வைத்தால் விளக்கு மின்னிவிட்டு அணைந்துவிடுகிறது. சட்டி கெட்டுவிட்டதா? மாற்றித் தருவார்களா?

பட்டர்வொர்த் அக்கா:
சட்டியில் குறை இல்லம்மா. அடி இவ்வளவு அகலமாவது இருக்க வேண்டும் என்று அந்த அடுப்புகளுக்குக் கணக்கு உண்டு, அடுப்போடு வந்த புத்தகத்தில் பாருங்கள். சின்ன கேஸ் அடுப்பு இருந்தால் அதில் வையுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் நடு இறுகவிட்டே கொடுங்கள்.

செந்தூல்காரன்:
அக்கா, இன்று காலை ஒரு முட்டையில் போட்டேன். தட்டை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, பளபளப்பு இருக்கும்போதே கொட்டினேன். குலுங்கியது! ஒரு ஓரம் ஒட்டிக் கிழிந்து, பாதி வழிந்துவிட்டது. மாலையில் சட்டியைப் பழக்குகிறேன். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் தம்பி சால்னா ஊற்றியதை நான் பார்க்கவில்லை, வெறும் முட்டையும் மிளகும்தான். சால்னா இல்லாமல் அந்த வழுவழுப்பு வருமா?

கிள்ளான் ராஜா:
வரும். பால் சேருங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி:
பால் வேண்டாம்!