உதவி தேவை: அலுவலக உள்சுற்றறிக்கையில் ‘செய்யப்பட வேண்டும்’ வாக்கியங்களை நேரடியாக மாற்றினால் பொருள் மாறிவிடுகிறது

கோப்புக்கட்டு
எங்கள் அலுவலகத்தில் மடிக்கணினி தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பழைய சுற்றறிக்கை இருக்கிறது. யாருக்கும் புரியவில்லை, எளிமையாக்கிக் கொடு என்று என்னிடம் தந்துவிட்டார்கள். சிக்கலான பத்தி இதுதான்:

> பணியாளர்களுக்கு வழங்கப்பட்டுள்ள மடிக்கணினிகள் தொலைந்துபோகும் அல்லது திருடப்படும் பட்சத்தில், அது குறித்த தகவல் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு உடனடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பதுடன், உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படுதல் வேண்டும் எனவும், தவறும் பட்சத்தில் பொறுப்பு நிர்ணயம் செய்யப்படலாம் எனவும் இதன்மூலம் அனைவருக்கும் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

நான் மாற்றியது:

> மடிக்கணினி தொலைந்தால் உடனே தெரிவிக்கவும். ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும். தவறினால் பொறுப்பு நிர்ணயிக்கப்படும்.

நீளம் குறைந்தது. ஆனால் மேலாளர் பொருளே மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார். சக ஊழியர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன், அவர் கேட்ட முதல் கேள்வி “யாரிடம் தெரிவிக்கணும்?” எங்கே தவறினேன்?

நேர்வரி
உங்கள் மாற்றம் நன்றாகத்தான் இருக்கிறது, மேலாளருக்குப் பழைய நடை பழகிப்போயிருக்கும். நான் செய்வது இதுதான்: கோப்பில் “ப்பட” என்று தேடுவேன், வரும் இடத்தையெல்லாம் “-வும்” என்று முடிப்பேன். செய்யப்பட வேண்டும் என்பது செய்யவும், அனுப்பப்பட வேண்டும் என்பது அனுப்பவும். பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். “எப்படி”, “அப்படி” எல்லாம் தேடலில் சிக்கும், அதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

மைதொட்டவர்
தேடுகிற வழி சரிதான், நானும் அப்படித்தான் தொடங்குவேன். (“தெரியப்படுத்து” கூட சிக்கும், அது செய்வினைதான், அதைத் தொட வேண்டாம்.) ஆனால் எல்லாவற்றையும் “-வும்” ஆக்குவதை நான் ஏற்க மாட்டேன். கோப்புக்கட்டு மாட்டிக்கொண்ட இடமே அதுதான்.

“தெரிவிக்கவும்” என்றால் யார் தெரிவிப்பது? சமையல் குறிப்பு மாதிரி படிப்பவர் ஒரே ஆள் என்றால் கேள்வியே எழாது. சுற்றறிக்கையை ஊழியர், அவருடைய மேலாளர், ஐ.டி. பிரிவு என மூன்று தரப்பும் படிக்கிறது. தொலைத்தவர் தன் மேலாளரிடம் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பார், மேலாளரோ அவரே ஐ.டி.க்குச் சொல்லியிருப்பார் என்று நினைப்பார். செயப்பாட்டுவினை போய்விட்டது, ஆனால் அது மறைத்து வைத்திருந்த ஆள் இன்னும் வரவில்லை.

அதனால் முதலில் எதையும் மாற்றாதீர்கள். மூலப் பத்தியில் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார்’ என்று எழுதிப் பாருங்கள். தெரிவிப்பவர்: ஊழியராக இருக்கலாம், ஆனால் ‘சம்பந்தப்பட்ட பிரிவு’ எது? சமர்ப்பிப்பவர்: தெரியாது, எந்த ஆவணம் என்பதும் தெரியாது. பொறுப்பை நிர்ணயிப்பவர்: தெரியாது. இதையெல்லாம் நீங்களே ஊகித்து நிரப்பினால் புதிய விதியை நீங்கள் போட்டதாக ஆகிவிடும். விதிக்குச் சொந்தக்காரரிடம் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, மேலாளர் சொன்னது நியாயம். மூலத்தில் “செய்யப்படலாம்” என்று இருக்கிறது, நீங்கள் “நிர்ணயிக்கப்படும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ‘லாம்’ போய் ‘உம்’ வந்தால், செய்ய வாய்ப்புண்டு என்பது கட்டாயம் செய்வோம் என்று ஆகிவிடுகிறது. திருட்டையும் விட்டுவிட்டீர்கள்.

நேர்வரி
யார் என்பது போகிற போக்கில் புரிந்துவிடும் என்று நினைத்தேன். சரி, ஆனால் “செய்ய வேண்டும்” என்று வரிக்கு வரி எழுதினால் அதட்டுவது போல இருக்காதா?

மைதொட்டவர்
கட்டாயம் என்றால் “வேண்டும்” இருந்தே ஆக வேண்டும். “-வும்” என்பதைப் பலர் வேண்டுகோளாகப் படிக்கிறார்கள், பின்னால் ஒரு தகராறு வந்தால் “தெரிவிக்கச் சொல்லித்தான் கேட்டுக்கொண்டார்கள், கட்டாயம் என்று சொல்லவில்லையே” என்பார்கள். மறுக்கும்போது இன்னும் கவனம் தேவை. “பழைய கடவுச்சொல்லைப் பயன்படுத்த வேண்டியதில்லை” என்றால் விருப்பம் இருந்தால் பயன்படுத்தலாம். “பயன்படுத்தக் கூடாது” என்றால் தடை. இவற்றை மாற்றிப் போட்ட கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூவரசநிழல்
“முடக்கப்படும்” என்பதை “முடங்கும்” என்று எழுதலாமே? தமிழில் இந்த வசதி இருக்கிறது, ‘படு’ இல்லாமலே வேலை முடிகிறது.

மைதொட்டவர்
படிக்க இதமாக இருக்கும், “திருடப்படும் பட்சத்தில்” என்பதை “திருடு போனால்” என்று எழுதுவது மிகச் சரி, ஏனென்றால் திருடியவர் யார் என்பது நமக்குத் தேவையில்லை. ஆனால் “கணக்கு முடங்கும்” என்றால் தானாகவே முடங்கிவிடும் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து முடக்க வேண்டிய வேலை என்றால் அவரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாலைப்பணி
எங்கள் விடுப்பு விதியிலும் இதே தொல்லை. “முன் அனுமதி பெறப்படாத விடுப்பு ஊதியமில்லா விடுப்பாகக் கருதப்படும்” என்று இருக்கிறது. போன மாதம் என் 2 நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள், குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். இதை எதிர்த்து எப்படி எழுதுவது?

மைதொட்டவர்
பிடித்ததை எதிர்த்து எழுதுவது வேறு விஷயம், அதற்குத் தனி இழை தொடங்குங்கள். வாக்கியத்தை மட்டும் சொல்கிறேன். “முன் அனுமதி இல்லாமல் எடுத்த விடுப்புக்குச் சம்பளம் கிடையாது” என்று எழுதினால் ‘கருதப்படும்’ போய்விடும், அங்கே ஆள் தேவையும் இல்லை. ஆனால் உங்களைச் சிக்க வைத்தது அந்த வினை இல்லை, “அனுமதி” என்ற பெயர்ச்சொல். யாருடைய அனுமதி? குழுத் தலைவரா, மனிதவளப் பிரிவா? கோப்புக்கட்டு, நீங்களும் கவனியுங்கள், ஒப்புதல், அறிவிப்பு, ஆய்வு மாதிரி சொற்களுக்குள்ளும் ஆள் ஒளிந்திருப்பார். “ப்பட” என்று தேடினால் இவை அகப்படாது.

கோப்புக்கட்டு
இரண்டு நாள் அலைந்து ஐ.டி.யிலும் மனிதவளத்திலும் கேட்டுவிட்டு வந்தேன். ‘உடனடியாக’ என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டபோது ஐ.டி.காரர் 1 மணி நேரம் என்றார், மனிதவளத்தில் அன்றைக்குள் என்றார்கள். கணக்கை முடக்குவது ஐ.டி. என்பதால் 1 மணி நேரத்தையே வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். கணக்கை முடக்குகிற வேலை பழைய பத்தியில் எங்குமே இல்லை, ஐ.டி.காரர் சொல்லித்தான் சேர்த்தோம். இப்போது இப்படி இருக்கிறது:

> உங்கள் மடிக்கணினி தொலைந்தாலோ திருடு போனாலோ, அது தெரிந்த 1 மணி நேரத்துக்குள் நீங்களே ஐ.டி. உதவி எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். மேலாளரிடம் சொன்னால் மட்டும் போதாது.
> போன் வந்ததும் ஐ.டி. பிரிவு உங்கள் கணக்கை முடக்கும்.
> திருடு போயிருந்தால், காவல் நிலையப் புகாரின் நகலை 3 வேலை நாட்களுக்குள் மனிதவளப் பிரிவுக்கு நீங்கள் அனுப்ப வேண்டும்.

அதே சக ஊழியரிடம் கொடுத்து, “இன்றைக்கு உங்கள் மடிக்கணினி காணவில்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். கையில் போனை எடுத்தபடியே “இந்த உதவி எண் எது?” என்றார். எண்ணையும் முதல் வரியிலேயே சேர்த்துவிட்டேன்.

கடைசி வாக்கியம்தான் நிற்கிறது. “தாமதித்தால் மடிக்கணினியின் விலையை உங்களிடம் வசூலிக்கலாம்” வரை எழுதினேன், யார் முடிவு செய்வார் என்று கேட்டால் நிதிப் பிரிவு மனிதவளத்தைக் காட்டுகிறது, மனிதவளம் நிதியைக் காட்டுகிறது. பழையபடி “செய்யப்படலாம்” என்றே விட்டுவிடு என்கிறார் மேலாளர்.

நேர்வரி
விட்டுவிடுங்கள், மற்ற மூன்றும் தெளிவாகிவிட்டதே.

மைதொட்டவர்
நான் விடமாட்டேன். பணம் போகிற வாக்கியம் அது. இரு பிரிவுத் தலைவர்களுக்கும் ஒரே மின்னஞ்சலில் “வசூலிப்பதா என்று முடிவு செய்பவர்: ______” என்று கோடிட்ட இடத்தோடு அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்த வரி இல்லாமலே சுற்றறிக்கையை வெளியிட முடியுமா என்றும் மேலாளரிடம் கேளுங்கள்.

கோப்புக்கட்டு
அனுப்பிவிட்டேன். அந்த வரி இல்லாமல் வெளியிட மேலாளர் இன்னும் சம்மதிக்கவில்லை, திங்கட்கிழமை கூட்டத்தில் பேசலாம் என்கிறார்.