"ஏன்"னு கேட்டா அது திட்டினதா?

நடுவில்_நிற்பவன்
எங்க குழுவில ரெண்டு பேர். ஒருத்தர் எதையும் முகத்துக்கு நேரா சொல்லிடுவார். இன்னொருத்தருக்கு சட்டுனு மனசு சுருங்கிடும். போன வாரம் மாத அறிக்கை தயாராகும்போது, 11 பேர் இருக்கிற குழு அரட்டையில முதலாமவர் போட்டது: "அட்டவணை 3 தப்பு. ஏன் பழைய எண்ணைப் போட்டீங்க?" 25 நிமிஷம் கழிச்சு பதில் வந்தது: "பாக்கலாம்." மறுநாள் அந்தத் தப்போடயே அறிக்கை வாடிக்கையாளருக்குப் போயிடுச்சு. இப்ப ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்து "அவருக்கு மரியாதையே தெரியல"ன்னு சொல்றாங்க. பக்கத்து இழையில ஒருத்தர் "நேரா பேசறவன்தான் நேர்மையானவன், புண்படறது கேக்கறவன் கோளாறு"ன்னு எழுதியிருந்தார். அதைப் படிச்ச எரிச்சல்லதான் கேக்கறேன். இதில யார் மரியாதை தப்பினது?

பட்டுனு_பேசு
பக்கத்து இழையில எழுதின அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், நான் ஒண்ணும் சுருங்க மாட்டேன். அட்டவணை தப்பா இருந்துச்சா? இருந்துச்சு. தப்புன்னு சொன்னார். ஏன்னு கேட்டார். "ஏன்" ஒரு கேள்விச் சொல். கேள்விக்குப் பதில் சொல்லாம "பாக்கலாம்"னு மழுப்பினவர்தான் மரியாதை தப்பினவர். இதில விவாதிக்க என்ன இருக்கு?

ஓரத்து_இருக்கை
வந்துட்டார். "ஏன்" கேள்விச் சொல்லாம். வீட்ல அம்மா "ஏன் லேட்டு?"ன்னு கேட்டா போக்குவரத்து நிலவரத்தையா சொல்லுவீங்க? குனிஞ்ச தலையோட உள்ள போவீங்க. 10 பேர் பாத்துட்டிருக்கும்போது "ஏன் போட்டீங்க"ன்னு கேட்டா அது கேள்வி இல்லை, விசாரணை. கூண்டில ஏத்திட்டு அப்புறம் பதில் சொல்லலைன்னு வேற குறை.

பட்டுனு_பேசு
"போட்டீங்க"ன்னு "ங்க" சேத்துத்தான் எழுதியிருக்கார். இதுக்கு மேல மரியாதை வேணும்னா பொன்னாடை போத்தித்தான் கேக்கணும்.

விசைப்பலகை
இதெல்லாம் எழுத்துல பேசறதால வர்ற வினை. எழுந்து போய் நேர்ல சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். நேர்ல பேசினா சண்டையே வராது, அவ்வளவுதான்.

ராத்திரி_பணி
என் மச்சினனும் இதே மாதிரிதான். எதைச் சொன்னாலும் "பாக்கலாம்". ரெண்டு வருஷமா ஒரு கைமாத்து விஷயம் "பாக்கலாம்"லயே நிக்குது. மனிதவளத் துறையில எழுத்துல புகார் குடுங்க, அதான் வழி.

நடுவில்_நிற்பவன்
புகார் குடுக்கிற விஷயமே இல்லைங்க. ரெண்டு பேரும் வேலையில கெட்டி. யாரையும் மாட்டிவிட நான் கேக்கல.

சிவப்பு_மை
நான் பிரதி திருத்துகிறவன். தினமும் யாராவது ஒருவரிடம் "இது தவறு" என்று எழுதித்தான் பிழைப்பு நடக்கிறது. அதனால் இந்த "ஏன்" எனக்குப் பழைய நண்பன், பழைய பகைவனும்கூட.

தமிழில் "ஏன்" இரண்டு வேலை செய்கிறது. "வானம் ஏன் நீலம்?" என்றால் காரணம் கேட்கிறோம். அதே சொல்லுக்குப் பின்னால் "நீங்க" வந்து, வினை இறந்தகாலத்தில் முடிந்தால், கேட்பவர் காதில் காரணம் விழாது, "செய்திருக்கக் கூடாது" என்பதுதான் விழும். "ஏன் சொன்னீங்க", "ஏன் வந்தீங்க", "ஏன் போட்டீங்க" மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நேரில் குரலை இறக்கிச் சமாளிக்கலாம். எழுத்தில் அந்த இறக்கம் போய்ச் சேராது.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: என்ன மாதிரி பதில் வருகிறது? "இந்த எண் எந்தக் கோப்பிலிருந்து வந்தது?" என்று கேட்டால் கோப்பின் பெயர் வரும். "ஏன் போட்டீங்க?" என்று கேட்டால் மன்னிப்பு வரும், சாக்கு வரும், அல்லது மௌனம் வரும். தகவல் கேட்டவருக்குச் சமாதானம் வந்தால், அவர் கேள்வி குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அவர் மனதில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

பட்டுனு_பேசு
அப்ப எழுதறவன் மனசுல என்ன இருந்ததுன்னு பாக்க வேண்டாம், படிக்கிறவருக்கு என்ன தோணுச்சோ அதுதான் தீர்ப்பு. நல்லாருக்கு நியாயம். "ஏன்" கேள்விச் சொல். திரும்பச் சொல்றேன், கேள்விச் சொல். அதில குத்தம் தேடறவர் எதிலயும் தேடுவார். யாரும் முட்டாள் இல்லை, எழுத்துல தொனி தெரியத்தான் செய்யும்.

சிவப்பு_மை
தெரியும் என்று எழுதுகிறவருக்குத் தோன்றும். அதுதான் சிக்கலே. 2005-ல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலானவர்கள் இதைச் சோதித்தார்கள். ஆட்களிடம் சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றை நிஜமாகவும் மின்னஞ்சலில் எழுத வைத்தார்கள், குரலிலும் சொல்ல வைத்தார்கள். எந்த வழியில் போனாலும் 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் கிட்டத்தட்ட அப்படியே, 73. மின்னஞ்சலில் 56. கிண்டலா நிஜமா என்று காசைச் சுண்டிச் சொன்னாலே 50 வரும். எழுதும்போது நம் குரல் நம் தலைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கும் அதுவே கேட்கும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

பட்டுனு_பேசு
அது கிண்டலைப் பத்தின ஆய்வு. இங்க யார் கிண்டல் பண்ணினது? "அட்டவணை 3 தப்பு"ல என்ன தொனி வேணும்?

சிவப்பு_மை
அது சரியான மறுப்பு. கிண்டலுக்குக் கிடைத்த எண்ணை அப்படியே கண்டிப்புக்குப் பொருத்த முடியாது. முதல் வாக்கியத்தைப் பற்றி எனக்குப் புகாரும் இல்லை, தப்பைத் தப்பு என்றுதான் சொல்ல வேண்டும். நான் பேசுவது இரண்டாவது வாக்கியம்.

விசைப்பலகை
நான் சொன்னதைத்தான் சுத்தி வளைச்சு சொல்றீங்க. நேர்ல பேசணும்.

ஓரத்து_இருக்கை
நேர்ல வந்தாலும் இவங்க 10 பேர் நடுவுலதான் நின்னு பேசுவாங்க. இடம் எழுத்தா நேரான்னு இல்ல விசைப்பலகை, எத்தனை காது இருந்துச்சுங்கறதுதான். தனியா அனுப்பியிருந்தா அந்த "ஏன்" பாதிகூட வலிச்சிருக்காது. பட்டுனு_பேசுக்கு இது புரியாது, போன மாசம் விடுப்பு விவாதத்துல என்னை "அழுமூஞ்சி"ன்னு எழுதினவர்தானே.

பட்டுனு_பேசு
"அழுமூஞ்சி வாதம்"னு எழுதினேன். வாதத்தைச் சொன்னேன், ஆளை இல்ல. இந்த வித்தியாசம் தெரியாததுதான் உங்க மொத்தப் பிரச்சினையும். லினக்ஸ் கர்னலை லினஸ் டோர்வால்ட்ஸ் "மனசு நோகாம"வா வளத்தார்? மடலாடல் குழுவில எல்லாரும் பாக்கக் கிழிப்பார். இன்னிக்கு அதுலதான் உலகத்துல பாதி சர்வர் ஓடுது.

விசைப்பலகை
அதே டோர்வால்ட்ஸ் 2018 செப்டம்பர்ல அதே குழுவிலதான் மன்னிப்பு கேட்டார். மத்தவங்க உணர்வு எனக்குப் புரியறதில்லை, உதவி தேடப் போறேன்னு சொல்லிட்டு கொஞ்ச நாள் ஒதுங்கினார். அந்தப் பாதியை ஏன் விட்டுட்டீங்க?

பட்டுனு_பேசு
அக்டோபர்லயே திரும்பி வந்துட்டாரே. அதை நீங்க ஏன் விட்டுட்டீங்க?

ஓரத்து_இருக்கை
இப்ப நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களே "ஏன் விட்டுட்டீங்க", அது கேள்வியா? காரணம் தெரிஞ்சுக்கவா கேட்டீங்க?

பட்டுனு_பேசு
ஆமா, கேள்விதான்.

சிவப்பு_மை
ஓரத்து_இருக்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ள வேண்டாம். "பாக்கலாம்" என்பதிலும் இதே சிக்கல் இருக்கிறது. அது சிலர் வாயில் "சரி, செய்கிறேன்". சிலர் வாயில் "முடியாது, ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டேன்". இன்னும் சிலருக்கு "இப்போது பேசும் நிலையில் இல்லை". அனுப்பியவர் மூன்றாவது பொருளில் அனுப்பியிருப்பார் என்று ஊகிக்கிறேன். நேராகப் பேசுகிறவர் முதல் பொருளில் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்தது என்று தன் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். தவறான எண் வெளியே போனதற்கு "ஏன்" எவ்வளவு காரணமோ, "பாக்கலாம்" அவ்வளவு காரணம். "ஏழு மணிக்குள் மாற்றிவிடுகிறேன்" என்றோ "அந்த எண் சரிதான், காரணம் பிறகு சொல்கிறேன்" என்றோ எழுதியிருந்தால், மனவருத்தம் இருந்திருக்கும், அறிக்கை தப்பித்திருக்கும்.

ஓரத்து_இருக்கை
அடிச்சவனையும் அழுதவனையும் ஒரே தராசுல வைக்கிறீங்க. அந்த நிமிஷத்துல கை நடுங்கும் சார். ஒரு வரி அடிச்சு, அழிச்சு, திரும்ப அடிச்சு, கடைசில ஒரு வார்த்தைதான் மிஞ்சும். அந்த 25 நிமிஷம் சும்மா உக்காந்திருந்தார்னா நினைக்கிறீங்க?

பட்டுனு_பேசு
25 நிமிஷத்துல அட்டவணையே மாத்தியிருக்கலாம்.

ராத்திரி_பணி
இதுதான் நானும் மச்சினன்கிட்ட சொல்றது.

சிவப்பு_மை
நடுவில்_நிற்பவனுக்கு ஒரு கேள்வி. நேராகப் பேசுகிற அந்த நண்பர் மேலாளரின் தவறையும் இதே மாதிரி சுட்டுவாரா? அவருக்கும் "ஏன் போட்டீங்க"தான் என்றால், அது அவர் பேச்சு வழக்கு. எல்லாருக்கும் ஒரே அளவு, பழகிக்கொள்ளலாம், சொல்லியும் கொடுக்கலாம். மேலே போகும்போது குழைந்து, பக்கத்திலும் கீழேயும் மட்டும் கறாராக இருந்தால் அதை நேர்மை என்று அழைக்க எனக்குத் தயக்கம். மென்மையாகச் சொல்ல அவருக்குத் தெரிந்திருக்கிறது, இவரிடம் அது தேவையில்லை என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நடுவில்_நிற்பவன்
பழைய அரட்டையைத் தேடிப் பாத்தேன். இப்பதான் உறைக்குது. ரெண்டு மாசம் முன்னாடி மேலாளர் போட்ட அதே மாதிரி அட்டவணையில மொத்தம் கூட்டினது தப்பு. இவர் தனியா அனுப்பி, எனக்கும் நகல் போட்டிருந்தார்: "சார், ஒரு சின்ன சந்தேகம், நேரம் கிடைக்கும்போது கடைசி வரிசையை ஒருதடவை பாக்க முடியுமா?"

ஓரத்து_இருக்கை
ஒரு சின்ன சந்தேகம்! நேரம் கிடைக்கும்போது! அடடா. "ஏன்" எங்க போச்சு அப்ப?

பட்டுனு_பேசு
அது சந்தேகம், இது தப்பு. சந்தேகத்தைச் சந்தேகமா கேட்டார், தப்பைத் தப்புன்னு சொன்னார். என்ன முரண்?

விசைப்பலகை
ரெண்டுமே தப்புதான். ஒண்ணு மேல இருக்கிறவர் தப்பு.

பட்டுனு_பேசு
மேலாளர்கிட்ட "ஏன்"னு கேட்டா வேலை போகும், அது வேற கணக்கு. உங்க ஆபீஸ்ல போய் கேட்டுட்டு வந்து சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன்.

ஓரத்து_இருக்கை
அதாவது "ஏன்"னு கேட்டா வேலை போற அளவுக்கு அது காரமான வார்த்தைன்னு நீங்களே சொல்றீங்க. எடுத்து வச்சுக்கறேன்.

பட்டுனு_பேசு
எதையும் ஒத்துக்கல. அதைச் சொல்ற ஆளைப் பொறுத்ததுன்னு சொன்னேன். "ஏன்" கேள்விச் சொல்.

சிவப்பு_மை
சொல்கிற ஆளைப் பொறுத்தது என்பதைத்தான் நானும் காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டுனு_பேசு
நீங்க படிக்கிற ஆளைப் பொறுத்ததுன்னு எழுதினீங்க. ரெண்டும் வேற. மேல போய்ப் பாருங்க.

நடுவில்_நிற்பவன்
எனக்கு இன்னும் விடை வரல. அடுத்த மாச அறிக்கை வியாழக்கிழமை, அதே அட்டவணை, அதே ரெண்டு பேர். திருத்தம் எல்லாத்தையும் குழுவில போடாம தனிச் செய்தியில அனுப்பச் சொல்லலாம்னு இருக்கேன். இவர்கிட்ட "எந்தக் கோப்புன்னு கேளுங்க"ன்னும், அவர்கிட்ட "நேரம் குறிப்பிட்டு பதில் போடுங்க"ன்னும் சொன்னா எடுத்துக்குவாங்களா?

பட்டுனு_பேசு
அவரை ஏன் மாறச் சொல்றீங்க?

ஓரத்து_இருக்கை
பாருங்க, திரும்பவும்.

ராத்திரி_பணி
புகார் குடுத்தாச்சா?